வெளிநாட்டிலிருந்து யாரோ

எங்கள் பள்ளியில் ஆன்லைன் பாடத்தளம் வந்தபோது, லாகின் பிரச்சினைகளையெல்லாம் என் தலையில் கட்டினார்கள். கணக்கு டீச்சருக்குக் கம்ப்யூட்டரும் தெரிந்திருக்கும் என்று தலைமையாசிரியைக்கு ஒரு நினைப்பு.

இரண்டாம் பருவத்தில் நானும் பெற்றோருக்கு விளக்கமாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். லாகின் ஆகவில்லை என்றால் பிள்ளையின் வகுப்பு, சேர்க்கை எண், போனா கம்ப்யூட்டரா, திரையில் என்ன வருகிறது என்பதற்கு ஒரு ஸ்கிரீன்ஷாட், இவ்வளவையும் எழுதி அனுப்புங்கள். பாஸ்வேர்டைத் தப்பாகத் திரும்பத் திரும்ப அடித்தால் கணக்கு பூட்டிக்கொள்ளும். பாஸ்வேர்டை மட்டும் யாருக்கும் எழுதாதீர்கள். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

முதலில் வந்த பதிலில் பாஸ்வேர்ட் மட்டும்தான் இருந்தது. இன்னொருவர் 'ஓப்பன் ஆவல மிஸ்' என்று எழுதியிருந்தார், எந்தப் பிள்ளை என்று கூடச் சொல்லவில்லை. பாதிப் பேர் மின்னஞ்சலைத் தொடவே இல்லை. நான் மீன் வாங்கிக்கொண்டிருந்த இடத்துக்கே வந்து கேட்டார்கள். ஊளி மீனுக்கு விலை பேசுவேனா, யூசர் ஐடி சொல்வேனா?

அந்த வாரம்தான் ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளையின் கணக்கு பூட்டிக்கொண்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்தோடு தளத்தில் கணக்குப் பரீட்சை மூடிவிடும். அதன் மதிப்பெண் பருவ மதிப்பெண்ணோடு சேரும், விட்டால் சுழிதான். பூட்டைத் திறக்க எனக்கு அதிகாரம் கிடையாது. தளத்தை நடத்தும் கம்பெனிக்கு எழுதித் திறக்க வைத்தேன். மறுநாளே மறுபடி பூட்டிக்கொண்டது. மறுபடி எழுதினேன். இந்தத் தடவை, வெளிநாட்டிலிருந்து யாரோ நுழையப் பார்க்கிறார்கள், பெற்றோரே பதிவு செய்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து எழுதினால்தான் திறப்போம் என்று பதில் வந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பிள்ளையைக் கூப்பிட்டு, பாஸ்வேர்டை யாரிடம் கொடுத்தாய், போனில் விளையாடும்போது யாராவது கேட்டார்களா என்று துருவினேன். பருவத் தொடக்கத்தில் எல்லோரையும் வகுப்பிலேயே பாஸ்வேர்டை மாற்றச் சொல்லியிருந்தோம். மாற்றியதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை என்று அழுதாள்.

வியாழக்கிழமை அவளுடைய அம்மா வந்துவிட்டார். பழைய துறைமுகத்துப் பக்கம் வீடு. புருஷன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார்.

"எம் பிள்ளைய மட்டும் ஏன் மிஸ் வெளிய நிறுத்திருக்கீங்க? அவ என்ன தப்பு செஞ்சா?"

யாரும் நிறுத்தவில்லை, எல்லாம் மின்னஞ்சலில் எழுதியிருக்கிறேன் என்றேன். எனக்கு எந்த மெயிலும் வரவில்லையே என்றார். பதிவைப் பார்த்தால், சேர்க்கையின்போது கொடுத்திருந்தது புருஷனுடைய முகவரி. வீட்டில் மெயில் வைத்திருந்தது அவர் ஒருவர்தானாம். எங்கள் பள்ளியில் கப்பல்காரர் வீட்டுப் பிள்ளைகள் பாதிப் பேருக்கு இப்படித்தான். லாகின் ஆகாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று நான் பாடுபட்டு எழுதியதெல்லாம் நடுக்கடலுக்குப் போயிருக்கிறது! தலையில் அடித்துக்கொண்டேன். பதிவை அம்மாவின் பெயருக்கு மாற்றச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதினால், அதற்கும் அப்பாதான் எழுத வேண்டுமாம். அவர் எந்தக் கடலில் இருக்கிறார் என்று வீட்டுக்கே தெரியாது. நடந்ததையெல்லாம் எழுதி, 'மிக அவசரம்' என்று அவருக்கு ஒரு மெயிலைத் தட்டிவிட்டேன். வேறு என்ன செய்ய?

வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு வேளையில் பதில் வந்தது. பிள்ளையின் வகுப்பு, சேர்க்கை எண், போன் என்று ஒரு வரி, ஸ்கிரீன்ஷாட். நான் கேட்ட எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிய ஒரே பெற்றோர் அவர்தான். அடியில் இருந்தது இது:

'மிஸ், அது நாந்தான். கப்பல் கரையப் பிடிச்சு வைஃபை கிடைச்சா, பிள்ள கணக்கத் திறந்து அவ போட்ட வீட்டுப்பாடத்தப் பாப்பேன். இந்தத் தடவ திறக்கல. நாந்தான் தப்பா அடிக்கேன்னு திரும்பத் திரும்ப அடிச்சேன். என்னால அவ பரீட்சை போயிரக் கூடாது. எங்க வீட்டுக்காரி பேருல மாத்திருங்க. கம்பெனிக்கும் எழுதிட்டேன்.'

சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு, அந்த அம்மாவுக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டாக்கி, கம்பெனியைப் போனில் பிடித்து உலுக்கினேன். புதுப் பாஸ்வேர்ட் வைப்பதற்கான இணைப்பு அம்மாவின் போனுக்கு வந்தது. பரீட்சை மூடுவதற்குள் பிள்ளை எழுதி முடித்தாள். அப்பாவையும் இன்னொரு பெற்றோராகச் சேருங்கள் என்று கேட்டேன். ஒரு பிள்ளைக்கு ஒரு முகவரிதான், இடமில்லை என்றார்கள். இத்தனை பெரிய தளத்தில் ஒரு அப்பாவுக்கு இடமில்லையாம்! வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். போனை வைத்த பிறகுதான்.

சாயங்காலம் அந்த அப்பாவுக்குத் தளத்திலிருந்து தானாக ஒரு மெயில் போயிருக்கிறது. அவர் அதை எனக்கு அனுப்பியிருந்தார்: 'மாணவியின் கணக்கிலிருந்து தங்கள் முகவரி நீக்கப்பட்டது.' அதற்கு மேலே அவர் எழுதியிருந்தது ஒரே வரி.

'சரி மிஸ், பிள்ள எழுதிட்டாளா?'

அவளுடைய விடைப் பக்கங்களை ஒவ்வொன்றாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவருக்கு அனுப்பினேன்.