சனி ஞாயிறுக் கட்டங்கள்

வாரத்துக்கு ஏழு நாள், எனக்குப் பாடமும் ஏழு. இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்! செமஸ்டருக்கு எட்டு வாரம் இருக்கையில், வேலூர் ஹாஸ்டலில் உட்கார்ந்து நாளுக்கொரு பாடமாகக் கட்டம் போட்டேன். நடப்புப் பாடம் ஐந்தும் திங்கள் முதல் வெள்ளி வரை. போன செமஸ்டரில் கோட்டைவிட்ட நுண்கணிதமும் ஆங்கிலமும் சனி, ஞாயிறில். லீவு நாளாச்சே, முழு நாளும் படிக்கலாம் என்று கணக்கு. இந்த முறையும் அரியர் விழுந்தால் ஹாஸ்டலில் இடமில்லை என்று வார்டன் சொல்லியிருந்தார். இடம் போனால் படிப்பும் போச்சு. மலையிலிருந்து தினமும் வந்துபோகப் பஸ் ஏது?

ஒரு நகல் எழுதி ஜவ்வாது மலையில் எங்கள் வீட்டுச் சுவரிலும் ஒட்டினேன். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவிடம், "கடைசி ரெண்டு வரிசை, நான் இங்க வர்ற நாளு" என்று காட்டினேன்.

சனிக்கிழமை பஸ் பிடித்து, இறங்கி நடந்து வீடு சேர மத்தியானமாகிவிடும். சாமை அறுப்புக் காலம் வேறு. அம்மா தனியாகக் குனிந்திருக்க, நான் மட்டும் நுண்கணிதத்தைப் பிரித்துக்கொண்டு உட்கார முடியுமா? மலையேறிய புத்தகம் பையைவிட்டு வெளியே வராமலே இறங்கும்.

மூன்றாம் வாரம் முடிந்தபோது என் அறைத்தோழி, காவலூர்க்காரி, சுவரிலிருந்த அட்டவணையை உற்றுப் பார்த்தாள். ஐந்து வரிசையில் வரிசையாக டிக். இரண்டு வரிசை வெள்ளை.

"இன்னாடி இது? ஃபெயிலான ரெண்டையும் மலைக்கு அனுப்பிட்டு, பாஸாகுறத எல்லாம் இங்க வெச்சிக்கினு கீற!"

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் வந்த கோபம்.

மிச்சம் ஐந்து வாரம். இருவருமாகப் புதிதாகக் கட்டம் போட்டோம். அரியர் இரண்டும் தினமும் விடியற்காலையில், மாற்றி மாற்றி. மற்ற ஐந்தும் மாலையில், முறைவைத்து. சனிக்கிழமை நேரம் பார்த்துப் பழைய வினாத்தாள். ஞாயிறு, விட்டுப்போனதைப் பிடிக்க. ஊருக்குப் போவதற்கு அதில் கட்டமே இல்லை. பரீட்சை முடிந்துதான் வருவேன் என்று அம்மாவுக்குச் சொல்லியனுப்பினேன்.

இரண்டு அரியரும் பாஸ். அந்தக் காலை நேரத்துக் குளிரும், அறைத்தோழி போட்டுத்தந்த பாலில்லாத வறட்டீயும் இன்றும் இனிக்கின்றன.

பரீட்சை முடிந்து வீட்டுக்குப் போனேன். சுவரில் என் பழைய அட்டவணை அப்படியே இருந்தது. முதல் மூன்று வாரத்துச் சனி, ஞாயிறுக் கட்டங்களில் கரித்துண்டால் ஆறு கோடுகள். ஹாஸ்டலில் நான் டிக் போடாத அதே ஆறு கட்டங்கள்.

"நான் அன்னிக்கெல்லாம் படிக்கவே இல்லம்மா" என்றேன்.

"படிச்சதுக்கு யார் போட்டா? நீ வூட்டுக்கு வந்ததுக்குப் போட்டேன்" என்றாள் அம்மா.

அவற்றுக்குப் பக்கத்தில் மிச்ச ஐந்து வாரம் வெள்ளையாக இருந்தது.