தறி நின்ற நாளில் மாட்டிய வால்வுகள்

ஆரணியில் கண்ணாடிக் குழல் வால்வு வைத்த பழைய ஒலிபெருக்கி ஆம்ப் பழுதானால் தனசேகரனிடம்தான் கொண்டுவருவார்கள். அவர் பட்டறைக்கும் அடுத்த வீட்டு விசைத்தறிக்கும் நடுவில் ஒரே சுவர். நாள் முழுக்க அது அதிரும்.

அருள்தாஸ் கொண்டுவந்தது செத்துப்போன அண்ணன் ரஞ்சித்குமாரின் கிட்டார் ஆம்ப். முதலாண்டு நினைவு ஜெபத்தில் அண்ணன் குரலிலேயே கிட்டார் பேச வேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்டது. ஆனால் பின்மூடியைக் கழற்றினால் பவர் வால்வு இரண்டும் இல்லை. யார் எடுத்தார்கள் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

"இந்த ஆம்ப் ரெண்டு ஜாதி வால்வையும் ஏத்துக்கும். மாத்துனா பயாஸ, அதான் வால்வுக்குள்ள ஓடற கரண்ட்டோட அளவ, மட்டும் திருப்பி வைக்கணும்" என்றார் தனசேகரன். முதலில் ஈஎல்34 என்ற வகையில் ஒரு ஜோடியை மாட்டினார், அருள்தாஸ் அண்ணனின் கிட்டாரை வாசித்துப் பார்த்தான். நடு ஸ்வரங்கள் முன்னால் வந்து கடித்தன. சத்தம் ஏற்றினால் சீக்கிரமே கரகரத்தது. அடுத்து சிக்ஸ்எல்சிக்ஸ் வகை ஜோடி. தறிச் சத்தத்துக்குள் அது மந்தமாக அமுங்கிப்போனது.

"மொத ஜோடிதாண்ணே. எங்கண்ணன் பளிச்சுனுதான் வாசிப்பாரு."

"நீ எங்க கேட்ட?"

"தறிக் கூடத்துல. தறிய ஓட விட்டுட்டு பக்கத்துல உக்காந்து வாசிப்பாரு."

தனசேகரன் திருப்புளியைக் கீழே வைத்தார். "தறிக்கு நடுவுல கேட்டா கடிக்கிறதுதான் காதுல விழும். ஜெபம் நடக்கறது அமைதியான ஹால்ல. அமாவாசைக்கு வா, தறி ஓடாது. உங்க அண்ணியையும் கூட்டிகினு வா."

அமாவாசை மதியம் தெருவே செத்தாற்போல் கிடந்தது. அதிராத சுவரைத் தனசேகரனே ஒருமுறை தொட்டுப்பார்த்துக்கொண்டார். அண்ணி சத்யப்ரியா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஈஎல்34 இப்போது காதைக் குத்தியது. அருள்தாஸ் முகம் சுளித்தான்.

"இன்னாப்பா, பளிச்சுனு கேட்டியே" என்றார் தனசேகரன்.

அணைத்து, வால்வுகள் ஆறக் காத்திருந்து, மற்ற ஜோடியை மாட்டினார். சூடேறியதும் மீட்டர் பார்த்து பயாஸ் வைத்தார். அருள்தாஸ் மூன்று கம்பிகளை மட்டும் தட்டினான். கீழ் ஸ்வரங்கள் நிறைந்து, கூர்மை மழுங்கி, ஒலி அறையில் நின்றது. வால்வுக் கண்ணாடியின் உட்புறம் மெல்லிய நீல ஒளி அந்த ஒலியோடு அசைந்தது. நல்ல வால்விலும் அப்படி வரும், தனசேகரன் நூறு தடவை பார்த்திருக்கிறார். ஆனாலும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார்.

சத்யப்ரியா உள்ளே வந்து நின்றாள். "தறி நிறுத்தினப்புறம் வீட்ல இப்படித்தான் கேக்கும்" என்றாள்.

"அப்ப இதையே போட்டுடுங்கண்ணே" என்றான் அருள்தாஸ்.

"அந்தக் கடைசி வரிய மட்டும் இன்னொரு வாட்டி வாசி தம்பி" என்றாள் சத்யப்ரியா.

அருள்தாஸின் கை கம்பிகளை மூடிக்கொண்டிருந்தது. "நான் வரி எதுவும் வாசிக்கலயே அண்ணி. மூணு கம்பிதான் தட்டினேன்."

அவள் அவனைப் பார்க்கவில்லை, ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தனசேகரனின் கை ஸ்விட்சு வரை போனது.

"அணைக்காதீங்க" என்றாள். "இன்னும் முடியல."