ஒரே கேபிளில் இரண்டு திரை

திருவெறும்பூரில் ஒரு சின்ன டிராயிங் ஆபீஸில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பது என் வேலை. தொழிற்சாலைகளுக்குப் போகும் இரும்புச் சட்டங்களின் டிராயிங்குகளை எங்கள் ஆபீஸ் போடும். கடைசியாக எல்லாவற்றையும் சரிபார்ப்பவர் ஒரு மேடம், என்னைவிட எட்டு வயது மூத்தவர். அவர் பார்த்து விட்ட டிராயிங்கில் துளை மாறிப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அவருக்கு முதுகுத் தண்டில் வட்டு விலகியது. மூன்று மாதம் பஸ்ஸே ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஸ்ரீரங்கத்தில் வீடு, திருவெறும்பூரில் ஆபீஸ். வீட்டிலிருந்து செய்யட்டும் என்று மேனேஜர் முதலில் பெருந்தன்மையாகத்தான் சொன்னார். கூடவே ஒரு கொக்கியும் போட்டார்: “வேலை நிக்காம போகணும். நின்னா செக்கிங்க வேற ஆளுக்குக் குடுத்துருவேன்.” கொடுத்தால் திரும்பி வராது என்று அந்த மேடத்துக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆபீஸில் கையிருப்பில் இருந்தது ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். படம் வெளியே வர அதில் இருந்தது ஒரே ஒரு டிஸ்ப்ளேபோர்ட். அவருக்கோ இரண்டு திரை வேண்டும். இடது பக்கம் பழைய ரிவிஷன், அதாவது திருத்தத்துக்கு முந்தைய டிராயிங், வலது பக்கம் புதியது, இரண்டையும் பார்த்துப் பார்த்துத்தான் சரிபார்ப்பார். ஆபீஸில் அவர் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு ஃபோர்கே திரைகளையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு காவிரிப் பாலம் தாண்டிப் போனேன்.

கம்ப்யூட்டரிலிருந்து இடது பக்கத்து முதல் திரைக்கு ஒரு கேபிள், முதல் திரையின் முதுகிலிருந்து இரண்டாவதற்கு இன்னொரு கேபிள். முதல் திரையின் மெனுவுக்குள் போய் எம்எஸ்டி என்பதை ஆன் செய்தால் போதும், ஒரே கேபிளில் இரண்டு படம் போகும். முதல் திரை தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்ததற்குத் தள்ளிவிடும். செய்தேன், இரண்டும் எரிந்தன. அப்பாடா என்று காபியைக் கையில் வாங்கினேன்.

“தம்பி, வலது பக்கம் நம்பர் கரையுதே. இது மூணா, எட்டா?” என்றார் மேடம்.

குனிந்து பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. இரண்டாவது திரை தானாகவே தெளிவு குறைந்த ஃபுல் எச்டிக்கு இறங்கியிருந்தது. அந்தக் கம்ப்யூட்டர் பழைய வகை. அதன் வாய் வழியாக ஒரு நொடிக்குப் பதினேழு கிகாபிட் சொச்சம்தான் போகும். நொடிக்கு அறுபது தடவை புதுப்பிக்கும் ஒரு ஃபோர்கே திரையே பன்னிரண்டுக்கு மேல் தின்றுவிடும், இரண்டுக்கு எங்கே போவது? இரண்டையும் நொடிக்கு முப்பது தடவை என்று குறைத்தேன். எழுத்து பளிச்சென்று வந்தது, மவுஸ்தான் இழுத்து இழுத்து நடந்தது.

“பரவால்ல, நானும் அப்படித்தானே நடக்கறேன்” என்றார். சிரித்தோம். அந்த வாரம் நான் சிரித்தது அது ஒன்றுதான்.

மறுநாள் காலை பத்தரைக்குப் போன். “தம்பி, ரெண்டு திரையும் இருட்டாயிடுச்சு. மவுஸ ஆட்டினாலும் வரல.” எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னேன், வந்தது. பன்னிரண்டு மணிக்கு மறுபடியும் போன். மூன்று மணிக்கு இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் திறந்து வைத்த டிராயிங்குகள் இடம் மாறிக் கிடந்தன. அன்று நாலு டிராயிங்தான் முடிந்தது. மேனேஜர் என் மேஜைக்கே வந்து நின்றார்.

அடுத்த நாள் புதுக் கேபிள்களோடு போனேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து, வெயிலில் வேர்த்து வடிந்து போய்ச் சேர்ந்தேன். கேபிளை மாற்றி ஒரு மணி நேரம் நானே உட்கார்ந்து ஓட்டினேன். ஒரு சிமிட்டல்கூட இல்லை. நான் வீடு போய்ச் சேர்வதற்குள் போன் வந்தது. சலித்துப் போயிருந்தேன். மேனேஜருக்கு நான் அனுப்பிய மெயிலில் எழுதினேன்: கருவிகளில் கோளாறு இல்லை, வீட்டு மின்சாரமோ பயன்படுத்தும் விதமோ காரணமாக இருக்கலாம். சாமர்த்தியமான வாக்கியம் என்று நினைத்துக்கொண்டேன். மேனேஜரின் பதில் ஒரு வரி: திங்கட்கிழமையும் நின்றால் வேறு ஆள்.

திங்கட்கிழமை காலையிலேயே போய்விட்டேன். இந்தத் தடவை எதையும் தொடவில்லை. “நீங்க வேலையப் பாருங்க மேடம், நான் சும்மா உக்காந்திருக்கேன்” என்று பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அரை மணி நேரம் இடமும் வலமும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். இடது கை தானாகக் கீழே போனது. பிளக் போர்டில் இடது திரையின் சுவிட்சைத் தட்டி அணைத்தது. அந்தக் கையை அவர் பார்க்கவே இல்லை. எழுந்து, இடுப்பைப் பிடித்தபடி ஹாலுக்குள் நடக்கப் போய்விட்டார். ஒவ்வொரு டிராயிங்கையும் பார்த்து முடித்ததும் ஐந்து நிமிடம் நடக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. அவர் அறை வாசலைத் தாண்டுவதற்குள் வலது திரையும் இருண்டுவிட்டது.

முதல் திரை செத்தால் அதன் வழியாகப் போகும் இரண்டாவதும் சாகும். எனக்குத் தெரிந்த விஷயம்தான். அதைவிட நன்றாகத் தெரிந்தது அந்தக் கை. பன்னிரண்டு வருஷமாகப் பார்த்த கை. ஆபீஸில் அவர் அந்த சுவிட்சைத் தட்டும்போதெல்லாம், “கரண்ட் பில்லு மேடம்தான் கட்டறாங்க” என்று நான்தான் ஊரைக் கூட்டிச் சிரிக்க வைப்பேன். அங்கே இரண்டு திரைக்கும் தனித்தனி எச்டிஎம்ஐ கேபிள். ஒன்றை அணைத்தால் மற்றதற்கு ஒன்றும் ஆகாது, டிராயிங்கும் இடம் மாறாது.

திரும்பி வந்தவரிடம் சொன்னேன். தன் கையையே பார்த்தார்.

“நானா அணைச்சேன்?”

“ஆமாங்க மேடம். ஏன் அணைக்கிறீங்க?”

“சேர்ந்த புதுசுல, திருத்தச் சொல்ற சிவப்புக் குறிய மவுஸால பழைய ரிவிஷன் மேல போட்டுட்டேன். அதப் பாத்துப் பட்டறையில நாப்பது பிளேட்ல துளைய மாத்திப் போட்டுட்டாங்க. அதுலேர்ந்து பாத்து முடிச்சதும் பழசை அணைச்சுட்டுத்தான் திரையில சிவப்புப் பேனாவத் தொடுவேன்.”

இரண்டு திரைகளின் வரிசையை மாற்றினேன். இப்போது வலதுதான் முதல், இடது கடைசி. இடதை அணைத்துக் காட்டினேன். வலது ஒரு தடவை சிமிட்டிவிட்டு நின்றது. ஆனால் இடது திரை போனதைக் கம்ப்யூட்டர் கண்டுகொண்டு, அங்கிருந்த பழைய ரிவிஷனைத் தூக்கி வலது திரையில் புதியதன் மேலேயே வைத்துவிட்டது. இருவரும் அதைப் பார்த்தோம். அவர் எதற்குப் பயந்தாரோ அதையே செய்து காட்டியிருந்தேன். எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

அவர் உள்ளே போய் ஒரு தலையணை உறையை எடுத்து வந்து இடது திரையின் தலையில் மாட்டினார். “இனி பாத்து முடிச்சதும் அணைக்க மாட்டேன், இத மாட்டிக்கறேன். இது போதும்” என்றார். இடதை மறுபடி போட்டுவிட்டு, பிளக் போர்டைக் கைக்கு எட்டாதபடி சுவரோரம் தள்ளி வைத்தேன். சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். பதினோரு டிராயிங் முடிந்தது, ஒரு தடவைகூட நிற்கவில்லை.

கிளம்பும் முன் அவர் எதிரிலேயே மேனேஜரைப் போனில் கூப்பிட்டேன். “சார், மெயில்ல நான் எழுதினது தப்பு. நான் போட்ட கனெக்‌ஷன்தான் காரணம். இப்ப சரியாயிடுச்சு. அவங்க வேலைய மாத்த வேணாம்.” சரி என்று வைத்துவிட்டார்.

என்ன மெயில் என்று மேடம் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டிருந்த என்னிடம் வேறொன்றைக் கேட்டார்.

“பன்னெண்டு வருஷம் கிண்டல் பண்ணினீங்களே தம்பி, ஏன் அணைக்கிறேன்னு இன்னிக்குத்தானே கேட்டீங்க?”

போயிட்டு வரேன் மேடம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.