கை நீளமா, உள்துணியா

வெறும் சளி என்று ஒரு மாதம் அலட்சியமாக இருந்தேன். அது காசநோய். மாத்திரை தொடங்கிய மூன்றாம் மாதம், தை மாதத்தில் தங்கைக்குக் கல்யாணம் வந்தது. பழைய ஜாக்கெட்டுகள் எல்லாம் தோளிலிருந்து வழிந்தன. பட்டுச்சேலையோடு வந்த ஜாக்கெட் பிட்டை எடுத்துக்கொண்டு, சீவலப்பேரியில் எங்கள் தெருவிலேயே தைக்கிற அக்காவிடம் போனேன்.

மாத்திரை மயக்கத்தில் எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல இருந்த நாட்கள் அவை. தையல் மெஷின் சத்தம்கூட ஆற்றின் அக்கரையிலிருந்து வருவதுபோலக் கேட்டது.

"ஏளா, அளவு ஜாக்கெட் எங்க?"

"எதுவும் சேராதுக்கா. உடம்புலயே எடுங்க."

அக்கா என் கையை இரண்டு தடவை அளந்தாள்.

"கை முழங்கை வரைக்கும் வைங்க. பக்கத்துல உள்ள மடிச்சு நல்லா உள்துணி விடுங்க, உடம்பு தேறுனா பிரிச்சுக்கிடலாம்லா" என்றேன்.

அக்கா பிட்டை விரித்துப் பார்த்தாள். "ரெண்டும் நடக்காதுளா. பிட்டு சின்னது. பக்கத்துல மட்டும் விட்டாப் பத்தாது, கைக்குள்ளயும் விடணும். இல்லன்னா பிரிச்ச பெறவு கக்கத்துல இழுக்கும். கை நீளம் வேணுமா, உள்துணி வேணுமா?"

எனக்கு அழுகை வந்தது. குச்சிக் கையைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் உச்சுக்கொட்டுவதை என்னால் தாங்க முடியாது. ஆனால் உள்துணி வேண்டாம் என்றால், இனி இப்படியேதான் இருப்பேன் என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். அந்தப் பயம் பெரிதாக இருந்தது.

"கையைக் குட்டையா வைங்க" என்றது என் வாய்.

கல்யாணத்தில் ஓர் அத்தை என் மேல்கையை இரண்டு விரலால் வளைத்துப் பிடித்து, "என்னளா, இப்படி ஆயிட்ட" என்றாள். சாப்பாட்டுப் பந்தி முழுக்க அதே பேச்சு. போட்டோவில் முந்தானையைப் போர்த்தி நின்றேன். மடித்து விட்ட துணி விலாவில் நாளெல்லாம் குத்தியது. அக்கா மேலும் என் மேலும் எனக்கு அப்படி ஒரு எரிச்சல்.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குக் கிளம்ப அதே ஜாக்கெட்டை எடுத்தேன். கொக்கி எட்டவில்லை. மூச்சைப் பிடித்துப் பார்த்தேன், அப்போதும் எட்டவில்லை. கட்டிலில் உட்கார்ந்து சிரித்தேன், அழுதேன். பிறகு ஜாக்கெட்டைச் சுருட்டிக்கொண்டு அக்காவிடம் ஓடினேன்.

பக்கத்துக்கு மூன்று வரிசைத் தையல் போட்டிருந்தாள். உடம்பை ஒட்டியிருந்த வரிசையை மட்டும், இரண்டு பக்கமும் கை வரைக்கும் பிரித்தாள். அடுத்த வரிசை தாங்கிக்கொண்டது. உள்ளே இருந்த பட்டு புதுசாக மினுங்கியது, அதன் ஓரத்தில் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன.

"இஸ்திரி போட்டாலும் இந்தத் தடம் போகாதுளா."

"இருக்கட்டும்க்கா."

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, சேலைக்குள் கைவிட்டு அந்தத் துளைகளைத் தடவிக்கொண்டே போனேன். அந்தத் துளை வரிசைக்குள் நான் அடங்கியிருந்தேன் என்பதை என் விரலே நம்பவில்லை.