தட்டாமல் அளந்த மிளகு

மிளகு மாதிரிப் பொதி துபாய் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், எங்கள் மிளகை வாங்கவிருந்த பெண்மணி வீடியோவில் அழைத்தார். விருதுநகர்க்காரர். துபாயில் பதினைந்து வருடமாக மசாலா வியாபாரம். இலங்கையில், பசறை ரோட்டில் மிளகு காயவைக்கும் களத்தில் நானும் நானாவும் தொலைபேசியை ஒரு மூட்டையில் சாய்த்து வைத்து, அதன் முன்னே உட்கார்ந்திருந்தோம். நானா என் முதலாளி; வயதில் மூத்த முஸ்லிம்களை எங்கள் ஊரில் அப்படித்தான் அழைப்போம். சொந்தமாக நாலு ஏக்கர் மிளகு. சுற்றிலும் உள்ள சிறு தோட்டக்காரர்களிடம் வாங்கிக் காயவைப்பதும் அவர்தான். அதுவரை எல்லாம் கொழும்பு ஏற்றுமதிக்காரர்களுக்கே போனது. நேராக வெளிநாட்டுக்கு ஒரு கொள்கலன் அனுப்ப வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. நான் அவரிடம் சேர்ந்ததே ஆங்கிலக் கடிதம் எழுதத்தான். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் உயர்தரம் வரை படித்தவன் அப்போது நான் ஒருவன்.

"தம்பி, உங்க கடுதாசியில லிட்டருக்கு ஐநூத்தி அறுபத்தெட்டு கிராம்னு இருக்கு. இங்க என் தராசுல ஐநூத்தி முப்பத்திரண்டு. எது பொய் சொல்லுது, என் தராசா, நீங்களா?"

மிளகின் தரத்தை வெளிநாட்டில் அப்படித்தான் பார்க்கிறார்கள். ஒரு லிட்டர் அளவை நிறைய மிளகு கொட்டி நிறுத்தால் எத்தனை கிராம்? உள்ளே பருப்பு நிறைந்த மணி கனக்கும். பொக்கு மிளகு கனக்காது. ஐநூற்று ஐம்பதுக்குக் குறையக்கூடாது என்பதே பேச்சு. அதற்குத்தான் விலை பேசியிருந்தது.

"பொய் இல்லீங்க மேடம். நானே நாலு தடவ அளந்தேன்" என்றேன். 

"அப்ப இப்ப என் முன்னாடி அளங்க, பாப்போம்."

லிட்டர் தகரத்தை எடுத்து மிளகை அள்ளிப் போட்டேன். மேசையில் மூன்று முறை தட்டினேன். மிளகு இறங்கியது. மேலே இன்னும் கொஞ்சம் போட்டு, மீண்டும் தட்டி, உள்ளங்கையால் வழித்தேன். தராசு ஐநூற்று அறுபத்தாறு காட்டியது.

அவர் சிரித்துவிட்டார். "ஏன் தம்பி அந்த டப்பாவ போட்டு அடிக்கிறீங்க? அது உங்கள என்ன பண்ணுச்சு?"

எனக்குப் புரியவே இல்லை. எங்கள் லயத்தில் அடுத்த காம்பரா வீட்டுக்கு அரிசி கடன் கொடுக்கும்போது என் அம்மா சுண்டு அளவையை நன்றாகத் தட்டித்தான் கொடுப்பார். தட்டாமல் கொடுப்பவள் கை சுருக்கம் என்று தண்ணீர் பிடிக்கும் பைப்படியில் பேச்சாகிவிடும். தட்டுவதுதான் நேர்மை என்று வளர்ந்தவன் நான். அதைச் சொன்னேன்.

"அரிசிக்கு அது சரி. குடுக்குறவர் நல்லவர்னு காட்டுது. மிளகுக்குத் தட்டினா, பொக்கு மிளகும் நெருக்கிக்கிட்டு நல்ல மிளகு மாதிரி நிக்கும். கொட்டணும், தொடக்கூடாது, ஸ்கேல வச்சு ஒரே இழுப்பு."

அப்படியே செய்தேன். ஐநூற்று முப்பத்து மூன்று.

நானா என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. தொலைபேசியில் கேட்காதபடி, "அப்ப இவ்வளவு நாளும் நம்ம மிளகு என்ன தரம்ன்டே நமக்குத் தெரியாம ஈந்திருக்கு மகன்" என்றார்.

"கண்டெயினர் வேணாம்னு சொல்லல, பாய்" என்றது தொலைபேசி. எங்கள் ஊரில் யாரும் அவரைப் பாய் என்று அழைப்பதில்லை. ஒவ்வொரு முறையும் நானா லேசாகத் துள்ளுவார். "ஐநூத்தி முப்பதுன்னா அதுக்கு வேற விலை. ஐநூத்தி ஐம்பதுக்குக் கொண்டாந்தா பேசுன விலை. நாளைக்குச் சொல்லுங்க."

அன்று மாலையே ஒரு மூட்டையைக் காற்றாடி மிஷினில் விட்டோம். கனமானது நேரே கீழே விழ, பொக்கு பறந்து தூர விழுந்தது. காற்றைக் கூட்டினேன், குறைத்தேன். ஒவ்வொரு முறையும் கொட்டி, தொடாமல், ஸ்கேலால் இழுத்து நிறுத்தேன். ஐம்பது கிலோவில் நாற்பத்தைந்து மிஞ்சியபோது ஐநூற்று ஐம்பத்தைந்து வந்தது. நானா பறந்து கிடந்த ஐந்து கிலோவைக் காலால் ஒதுக்கினார்.

"இது நட்டம்தானே?"

"எண்ணெய் எடுக்கிற கம்பெனி பொக்கு மிளகு வாங்குமாம், நானா. கேட்டுப் பாக்குறேன்."

மறுநாள், ஐநூற்று ஐம்பதுக்கே தருகிறோம் என்று சொல்லிவிட்டு மீதிப் பேச்சு. ஐம்பது கிலோ சாக்குதான் எங்கள் வழக்கம். மேடத்துக்கு இருபத்தைந்து கிலோப் புதுப் பைகள் வேண்டும். அவருடைய கடைக்காரர்கள் பிரிக்காமல் அப்படியே வாங்குவார்களாம். பதின்மூன்று டன்னுக்கு ஐந்நூற்று இருபது பை. "பை காசு நமக்கா, அவங்களுக்கா?" என்று நானா கேட்க, ஆளுக்குப் பாதி என்று முடிந்தது. மிளகின் ஈரம் பன்னிரண்டு சதவீதத்துக்குள்ளே இருக்க வேண்டும் என்றார் மேடம். பிறகு, கொள்கலனுக்குள் சுவரெல்லாம் தடித்த காகிதம் ஒட்டி, ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடச் சொன்னார்.

"மூடிய பெட்டிக்குள்ள எப்படிங்க ஈரம் வரும்?"

"பகல்ல கப்பல் மேல வெயில்ல சுடும். மிளகுல இருக்க ஈரம் மேல கிளம்பும். ராத்திரி இரும்புக் கூரை குளிரும். அப்புறம் உள்ளயே மழை பெய்யும் தம்பி. நான் நனைஞ்ச மூட்டையோட அழுதிருக்கேன்."

கடலில் போகும் பூட்டிய பெட்டிக்குள் மழை! அன்று முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பணத்தில்தான் இழுபறி. நானா முன்பணமாகப் பாதி கேட்டார். தோட்டக்காரர்கள் கையில் காசு வைக்காமல் மிளகு கொடுக்கமாட்டார்கள். மேடம் முப்பது சதவீதத்துக்கு மேல் ஏறவில்லை. மீதி, சரக்கு கப்பலேறியதற்குக் கப்பல் கம்பெனி தரும் பத்திரத்தின் பிரதியைப் பார்த்த பிறகு.

"உங்கள நேர்ல பாத்ததில்ல. தட்டுன மிளகத்தான் பாத்திருக்கேன்" என்றார்.

அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "மேடம், முன்பணம் முப்பதே இருக்கட்டும். நீங்க நம்புற ஆளு ஒருத்தர் கொழும்புல வந்து அளக்கட்டும். அவரு சரின்னு சொன்னா இன்னும் நாப்பது குடுங்க. கடைசி முப்பது கப்பல் பத்திரத்துக்கு. அந்தக் காசு வந்த பிறகு பத்திரத்தோட அசலை அனுப்புறோம்." அசல் கையில் இல்லாமல் துறைமுகத்தில் சரக்கை எடுக்க முடியாது, அதனால் எங்களுக்கும் பயமில்லை.

அந்தப் பக்கம் கால்குலேட்டர் தட்டும் சத்தம் கேட்டது. "பரிசோதனைக் காசு?"

"நாங்க" என்றார் நானா, நான் வாய் திறக்கும் முன்.

ஒப்பந்தத்தை நான்தான் எழுதினேன். எடை எண்ணுக்குக் கீழே, எப்படி அளப்பது என்பதையும் ஒரு வரியில் சேர்த்தேன்.

ஆறு வாரம் கழித்து கொழும்புக் கிடங்கில் பரிசோதகர் வந்தார். எங்கெங்கோ இருந்த பைகளைத் தானே காட்டி, குத்தூசியால் மாதிரி எடுத்தார். முதல் அளவு ஐநூற்று ஐம்பத்து மூன்று. இரண்டாவது ஐநூற்று நாற்பத்தேழு. நானா என் முழங்கையைப் பிடித்தார், வலித்தது. அந்த நாற்பது சதவீதத்தை நம்பி அவர் தோட்டக்காரர்களிடம் பாதி மிளகை, காசு பிறகு என்று வாக்குக் கொடுத்து, கெஞ்சித்தான் வாங்கியிருந்தார். மூன்றாவது ஐநூற்று ஐம்பத்திரண்டு.

"சராசரிதான் கணக்கு" என்று பரிசோதகர் எழுதிக்கொண்டே சொன்னார். "ஐநூற்று ஐம்பதுக்கு மேல. பாஸ்."

"எவ்வளவு மேல?" என்றார் நானா.

"ஒரு கிராம்கூட இல்ல."

பையன்கள் காகிதம் ஒட்டிய பெட்டிக்குள் மூட்டைகளை அடுக்கத் தொடங்கினார்கள். கதவு மூடி முத்திரை போட்டதும் அதன் எண்ணை ஒவ்வொரு இலக்கமாகத் தொலைபேசியில் துபாய் மேடத்துக்கு வாசித்தேன். அவர் திரும்பச் சொல்லிச் சரிபார்த்தார்.

"சரி தம்பி. காத்துல பறந்துச்சே அந்தப் பொக்கு, அதை என்ன பண்ணீங்க?"

"எண்ணெய்க் கம்பெனிக்கு வித்துட்டோம் மேடம்."

"என்ன விலைக்கு?"

நட்டம் என்று நினைத்த பொக்குக்கு நல்ல விலையே கிடைத்திருந்தது. நானா அவசரமாகக் கையை ஆட்டினார், சொல்லாதே என்று.