சுருங்காத பித்தப்பை

எங்கள் ஸ்கேன் டாக்டரம்மாவுக்கு நாங்கள் வைத்த பெயர் ‘மறுபடி’. மூச்சை இழுங்கள், பிடியுங்கள், மறுபடி என்று ஒரே வயிற்றைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வெளியே காத்திருப்பவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதென்னவோ நர்ஸாகிய நான்தான். ஒரு புடவை எடுக்க அரை நாள் ஆக்குவாள் என்று அவர் வீட்டுக்காரரே என்னிடம் புலம்பியிருக்கிறார்.

அன்று காலை ஒரு தையல்காரப் பெண்ணைக் கணவர் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். சில நாளாகக் காய்ச்சல். முந்தின நாள்தான் விட்டிருந்தது. காய்ச்சல் விட்ட பிறகு எதற்கு வயிற்றுவலி என்று அந்த மனிதருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பித்தப்பையில் கல்லா என்று பார்க்க அனுப்பியிருந்தார்கள். கல் இல்லை, ஆனால் பையின் சுவர் தடித்திருந்தது. காலையில் கஞ்சி குடித்தாளாம். சாப்பிட்டால் பை சுருங்கி, சுவர் தடிப்பாகத் தெரியும். அதற்கு எங்கள் அறையில் ஒரே வழக்கம், வெறும் வயிற்றோடு மறுபடி வரச் சொல்வது. மத்தியானம் வரை தண்ணீர்கூட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அடுத்தவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டாக்டர் முகம் ஒரு மாதிரி ஆனது. அந்தப் பெண்ணின் படத்தைத் திரையில் எடுத்தார்.

“பை சுருங்கவே இல்லையே. அப்புறம் சுவர் ஏன் வீங்கணும்?”

என்னிடம் கேட்டால்? எனக்கு என்ன தெரியும்! அவருக்கும் தெரியவில்லை. குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தவர், காய்ச்சல் எப்போது விட்டது என்றார். நேற்று என்றார்களே என்று நான் சொன்னதும் எழுந்து ஓடினார்.

வெளியே பெஞ்சில் அவள் துவண்டு கிடந்தாள். கை சில்லென்றிருந்தது, நாடி பிடிபடவே இல்லை. கணவர் தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் ஒளித்துவைத்திருந்தார். குடித்த கஞ்சியையும் அவள் வாந்தி எடுத்துவிட்டிருந்தாள் என்று அப்போதுதான் சொன்னார்.

“கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டா டாக்டர். நான் ஒரு சொட்டுகூடக் குடுக்கல.”

மறுபடி ஸ்கேன். வலது நுரையீரலுக்கு அடியில் கறுப்பாக ஒரு பட்டை, அது நீர். கல்லீரலைச் சுற்றியும் அடிவயிற்றிலும் நீர். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும், சுவர் வீங்கியதும் அதனால்தான் என்று வார்டு டாக்டரிடம் போனில் சொன்னார். ரத்தம் கெட்டியாகியிருப்பதைப் பரிசோதனையும் காட்டியது. சலைன் ஏற்றினார்கள்.

சாயங்காலம் நாடி நன்றாகப் பிடிபட்டது, சிறுநீரும் பிரிந்தது. கணவர் எங்களைத் தேடி வந்தார். உடம்பெல்லாம் நீர், ஆனால் தண்ணீர் பற்றவில்லை என்கிறார்களே, அது எப்படி என்று கேட்டார். டாக்டர் பொறுமையாக விளக்கினார். அவர் தலையாட்டினார், ஆனால் புரியவில்லை.

“நான் சரியாத்தானே பண்ணேன் டாக்டர்?”

“நீங்க சரியாத்தான் பண்ணீங்க. நான் சொன்னதுதான் தப்பு.”

அவர் ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.