கையொப்பத்துக்குக் கீழே ஒரு வரி

மலேசியாவின் கிள்ளான் துறைமுக ஊரில், ஒரு சரக்குக் கப்பல் ஏஜென்சியில் பூரணம் தலைமைக் கிளார்க். சாக்குச் சொல்பவர்களைக் கண்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். 1998-இல் ஆபீசுக்கு மின்னஞ்சல் வந்தபோது அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது, ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் கையொப்பம்தான். பெயர், பதவி, எக்ஸ்டென்ஷன் நம்பர் போட்டு, அதற்குக் கீழே தாமே யோசித்த ஒரு வரியையும் ஆங்கிலத்தில் சேர்த்தார்: 'நேரத்தோடு முடித்த வேலைக்குச் சாக்குத் தேவையில்லை.'

மூன்று மாதமாகச் சாக்குச் சொல்லி ஒரு போன்கூட வரவில்லை. வரி நன்றாக வேலை செய்கிறது என்று பூரணத்துக்கு உள்ளூரப் பெருமை. பெட்டாலிங் ஜெயா கிளைக்காரர்கள் அதை நாளைக்குப் பத்துத் தடவை படித்துப் பல்லைக் கடித்தது அவருக்குத் தெரியாது.

ஒரு வெள்ளிக்கிழமை அவருடைய மாத அறிக்கையே தாமதமாகிவிட்டது. காய்ச்சல், பிரிண்டர் கோளாறு என்று ஆறு வரி எழுதி எல்லாருக்கும் அனுப்பினார். அனுப்பிய பிறகுதான் அடியில் கண் போனது. அந்த வரி அங்கேயும் சட்டமாக உட்கார்ந்திருந்தது.

முகம் சிவக்க அதை அழித்தார். யாரையும் குத்தாத வரியாக, 'என் தவறைக் கண்டால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்' என்று போட்டு, மன்னிப்புக் கேட்டு இன்னொரு கடிதம் அனுப்பினார்.

ஐந்தே நிமிடத்தில் பெட்டாலிங் ஜெயா கிளையிலிருந்து ரமணியின் பதில் வந்தது.

"அக்கா, கீழ போட்டிருக்கிற உங்க எக்ஸ்டென்ஷன் நம்பர் தப்பு லா. மூணு மாசமா நாங்க போன் போட்டா உங்க கேன்டீன் அங்கிள்தான் எடுக்குறாரு. எங்க சாக்கெல்லாம் இப்ப அவருக்கு மனப்பாடம்."